பதினோரு மாதமா, இரண்டு வருஷமா? மும்பை வாடகை ஒப்பந்தம்

கேள்வி: கோவையிலிருந்து மாற்றலாகி மும்பை வந்திருக்கிறேன். செம்பூரில் ஒரு ஃபிளாட் பிடித்திருக்கிறது. வாடகை 40,000 ரூபாய், டெபாசிட் 2 லட்சம். ஓனர் "ரெண்டு வருஷம் தாராளமா இருங்க" என்கிறார். புரோக்கரோ 11 மாதத்துக்கு 'லீவ் அண்ட் லைசென்ஸ்' போட்டுக்கொள்ளலாம் என்கிறார். லீஸ் போட்டால்தானே எனக்குப் பாதுகாப்பு?

பதில்:

சட்டப்படி பார்த்தால் உங்கள் சந்தேகம் நியாயம்தான். லீஸில் வீட்டின் மேல் உங்களுக்கு ஓர் உரிமை கிடைக்கிறது. லைசென்ஸில் கிடைப்பது குடியிருக்கும் அனுமதி மட்டுமே. (நம் ஊரில் மொத்தப் பணம் கொடுத்து வாடகையில்லாமல் இருப்பதையும் லீஸ் என்போம். இது அதுவல்ல.)

ஆனால் மும்பையில் உங்களுக்கு லீஸ் எழுதித் தர ஓனர் கிடைப்பது அரிது. பழைய வாடகைச் சட்டத்தில் குடியேறியவரைக் கிளப்புவது பெரும்பாடாக இருந்தது. 1973 பிப்ரவரி 1 அன்று லைசென்ஸில் குடியிருந்தவர்களையும் ஒரு திருத்தம் வாடகைதாரர்களாகவே ஆக்கிவிட்டது. அந்தப் பயத்தில் பலர் வீட்டைப் பூட்டியே வைத்தார்கள். 1999-ன் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், கெடு முடிந்ததும் லைசென்ஸ் கொடுத்த வீட்டைத் திரும்பப் பெற ஓனருக்குத் தனி வழி கொடுத்தது. செலவும் ஒரு காரணம். ஐந்து வருஷத்துக்கு உட்பட்ட லீஸ் என்றால் வீட்டின் சந்தை மதிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு, கிரயத்துக்கு உண்டான விகிதத்தில் முத்திரைத்தாள் கட்டணம். ஒன்றரைக் கோடி ஃபிளாட்டுக்கு அடிப்படை 5 சதவீதத்திலேயே 75,000 ரூபாய் ஆகிவிடும்.

ஆகவே லைசென்ஸே போடுங்கள். ஆனால் 11 மாதத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட லீஸைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் மற்ற ஊர்களில் வந்த பழக்கம் இந்த 11 மாதம். மகாராஷ்டிரத்தில் எத்தனை மாதமானாலும் லீவ் அண்ட் லைசென்ஸைப் பதிவு செய்வது கட்டாயம், அதுவும் ஓனரின் பொறுப்பு. எனவே 11 மாதத்தால் உங்களுக்கு எந்த மிச்சமும் இல்லை. புதுப்பிக்கும்போது மறுபடி பதிவுச் செலவு, வாடகையை ஏற்ற ஓனருக்கு ஒரு வாய்ப்பு, சில புரோக்கர்கள் திரும்பக் கேட்கும் கமிஷன், அவ்வளவுதான்.

24 மாதத்துக்கு உங்கள் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மொத்த வாடகை 9,60,000. டெபாசிட்டுக்கு வருஷம் 10 சதவீத வட்டி வருவதாக வைத்துக் கணக்கில் சேர்ப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு 40,000. ஆக 10 லட்சம். அதில் 0.25 சதவீதம், அதாவது 2,500 ரூபாய் முத்திரைக் கட்டணம், 1,000 ரூபாய் பதிவுக் கட்டணம். ஏஜென்ட் கூலி தனி.

ஓனரின் வாய்ச் சொல்லை நம்பி இருந்துவிடாதீர்கள். 1999-ன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 24-வது பிரிவின்படி, எழுதிய லைசென்ஸ் ஒப்பந்தத்தில் உள்ளதே இறுதிச் சான்று. தாளில் 11 மாதம் என்றிருந்தால் "ரெண்டு வருஷம்னு சொன்னாரே" என்பது எடுபடாது. கெடு தாண்டி இருந்தால் மாதத்துக்கு இரண்டு மடங்கு, உங்கள் கணக்கில் 80,000 ரூபாய் வீதம், இழப்பீடு கட்ட நேரிடும்.

லைசென்ஸில் உள்ள உண்மையான ஓட்டை வேறு. நடுவில் ஓனர் வீட்டை விற்றுவிட்டால், லீஸ் என்றால் வாங்கியவரையும் அது கட்டுப்படுத்தும். லைசென்ஸ் கட்டுப்படுத்தாது, ஈஸ்மென்ட் சட்டத்தின் 59-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பிள்ளைகளின் பரீட்சை நேரத்தில் இப்படி வீடு மாறியது. டெபாசிட்டுக்குப் பழைய ஓனர் புது ஓனரைக் கை காட்டினார், அவர் இவரைக் காட்டினார். ஆகவே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: "வீட்டை விற்பதானால் இரண்டு மாத முன்னறிவிப்பு தர வேண்டும், சாவியைப் பெறும் அன்றே தற்போதைய உரிமையாளர் முழு டெபாசிட்டையும் திருப்ப வேண்டும்."

அடுத்து லாக்-இன் ஷரத்தைப் பாருங்கள். பல வரைவுகளில் "லைசென்ஸி முதல் ஆறு மாதம் காலி செய்யக் கூடாது" என்று மட்டும் இருக்கும். அதை "இரு தரப்பும்" என்று மாற்றிக் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டாம். திரும்பவும் மாற்றல் வந்தால் கட்டிப் போட்டுவிடும்.

வரைவை இரண்டு நாள் முன்பே வாங்கிப் படியுங்கள். ஆன்லைன் பதிவில் ஏஜென்ட் கருவியோடு வீட்டுக்கே வருவார். விரல் வைக்க ஐந்து நிமிடம்தான், அப்போது யாரும் பக்கம் பக்கமாகப் படிப்பதில்லை. அதுவரை டோக்கன் தொகைக்கு மேல் கொடுக்காதீர்கள். மீதி டெபாசிட்டைப் பதிவன்று வங்கி வழியாக, ஒப்பந்தத்தில் பெயர் உள்ள உரிமையாளரின் கணக்குக்கே அனுப்பி, அந்தப் பரிவர்த்தனை எண்ணையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.