வெப்ப இயக்கவியலுக்குப் பொதுக் குறிப்புகள்: வகுப்புத் தோழர்களுக்குச் செய்தி எழுதுவது எப்படி?

*கேள்வி: மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தெர்மோடைனமிக்ஸ் எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் கஷ்டமாக இருக்கிறது. சேர்ந்து நோட்ஸ் எழுதலாம் என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கேட்க நினைக்கிறேன். நாலு பேர் எழுத, மற்றவர்கள் சும்மா எடுத்துக்கொள்ளும்படி ஆகிவிடக் கூடாது. செய்தியை எப்படி எழுதலாம், என்ன விதிகள் வைக்கலாம்?*

செய்தியை எழுதத் தொடங்கும் முன், எதைப் பங்களிப்பாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். பெரும்பாலான வகுப்புகளில் பக்கங்களைத்தான் எண்ணுகிறார்கள். அப்படி எண்ணினால், பாடநூலில் இருப்பதை அப்படியே எட்டுப் பக்கம் பார்த்து எழுதியவர் நிறைய உழைத்தவராகவும், ஒரே ஒரு கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டு அதிலிருந்த தவறைக் கண்டுபிடித்தவர் ஒன்றும் செய்யாதவராகவும் தெரிவார்கள். வெப்ப இயக்கவியலில் உண்மையில் அதிகம் பயன்படுவது இரண்டாமவரின் வேலை. வரையறைகளும் நிரூபணங்களும் எந்தப் பாடநூலிலும் கிடைத்துவிடும். எந்த நிலையில் எந்தச் சூத்திரம் பொருந்தும், ஸ்டீம் டேபிளில் எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்பதில்தான் மதிப்பெண் போகிறது. ஆகவே ஒரு தலைப்பை எழுதுவதும் அதிலுள்ள கணக்கைச் சரிபார்ப்பதும் சம பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் முதல் யோசனை.

சரிபார்ப்பது என்றால், எழுதியதைப் படித்துவிட்டுச் சரி என்று சொல்வதன்று. எழுதியவர் தம் பக்கத்தில் ஒரு கணக்கின் வினாவை மட்டும் வைக்க வேண்டும். விடையைத் தனித் தாளில் வைத்துக்கொள்ள வேண்டும். சரிபார்ப்பவர் அந்த விடையைப் பாராமல் தாமே கணக்கைப் போட்ட பிறகு இருவரும் ஒப்பிட வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். 10 பார் அழுத்தத்திலும் 200 டிகிரி செல்சியஸிலும் உள்ள நீராவியின் என்தால்பி என்ன என்பது வினா. எழுதியவர் தெவிட்டிய நீராவி அட்டவணையில் 10 பாருக்கு எதிரே இருக்கும் மதிப்பை எடுத்து, கிலோகிராமுக்குச் சுமார் 2778 கிலோஜூல் என்று எழுதியிருக்கிறார். சரிபார்ப்பவருக்குச் சுமார் 2828 வருகிறது. ஐம்பது கிலோஜூல் வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தேடும்போதுதான், 10 பாரில் தெவிட்டு வெப்பநிலை ஏறக்குறைய 180 டிகிரி என்பதும், 200 டிகிரி அதற்கு மேலே இருப்பதால் சூப்பர்ஹீட் அட்டவணையைத்தான் பார்த்திருக்க வேண்டும் என்பதும் இருவருக்கும் தெரியவரும். அந்தப் பக்கத்தின் அடியில் "முதலில் தெவிட்டு வெப்பநிலையைப் பார்" என்று ஒரு வரி ஏறும். படிப்பவருக்கு அந்த ஒரு வரி, மேலே உள்ள முழுப் பக்கத்தையும் விட அதிகம் உதவும்.

எல்லா வித்தியாசமும் தவறாகிவிடாது என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அதே 10 பாரில் உலர்வுப் பின்னம் 0.9 உள்ள ஈர நீராவிக்கு, ஓர் அட்டவணையின்படி 762.8 + 0.9 × 2015.3 = 2576.6 என்று வரும், வேறொன்றின்படி 762.5 + 0.9 × 2014.6 = 2575.6 என்று வரும். இரண்டுமே சரி. அரை சதவீதத்துக்குள் வரும் வேறுபாட்டை விட்டுவிடலாம் என்று எழுதிவைத்தால் வீண் வாதம் எழாது. தேர்வு அறையில் எந்த ஸ்டீம் டேபிளை அனுமதிக்கிறார்களோ அதையே எல்லோரும் பயன்படுத்துவது இன்னும் நல்லது.

பலர் சேர்ந்து எழுதும்போது மட்டுமே எழும் சிக்கல் ஒன்று உண்டு. அது குறி வழக்கம். பதினோராம் வகுப்பு வேதியியலில் ΔU = q + w என்று படித்திருப்பீர்கள்; அதே ஆண்டு இயற்பியலில் ΔU = Q − W என்று படித்திருப்பீர்கள். முதலாவதில் அமைப்பின் மீது செய்யப்படும் வேலைக்கு நேர்க்குறி. இரண்டாவதில் அமைப்பு செய்யும் வேலைக்கு நேர்க்குறி. ஒரு வாயு 50 கிலோஜூல் வெப்பத்தைப் பெற்று 20 கிலோஜூல் வேலையைச் செய்தால் அக ஆற்றல் 30 கிலோஜூல் கூடும். இரண்டு வழக்கங்களுமே, தனித்தனியாகப் பயன்படுத்தினால், இந்த விடையைத்தான் தரும். ஒருவருடைய சூத்திரத்தில் இன்னொருவருடைய குறியை இட்டால் 70 வந்துவிடும். எழுதிய இருவருமே தவறு செய்யவில்லை, ஆனாலும் குறிப்புகள் தவறாகிவிடும். எனவே ஒரே வழக்கத்தைச் செய்தியிலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.

இனி உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். எழுதாதவர்கள் படிக்கக் கூடாது என்ற விதியை வைக்க வேண்டாம் என்பேன். ஒரு பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் ஏறிவிட்டால் அது எங்கே போகிறது என்று யாராலும் காவல் காக்க முடியாது. காக்க முயன்றால், குறிப்புகளை எழுதும் நேரத்தை விடச் சண்டையிடும் நேரம் கூடிவிடும். ஒருவர் படிப்பதால் எழுதியவருக்கு எந்த இழப்பும் இல்லை. ஒரு தலைப்பை ஏற்றுக்கொண்டவர் சொல்லாமல் கைவிடுவதும், அந்தச் சுமை கடைசி நேரத்தில் வழக்கமான அந்த நான்கு பேர் தலையில் விழுவதும்தான் உண்மையான இழப்பு. உங்கள் விதிகள் வாக்குக் கொடுத்துவிட்டுச் செய்யாமல் போவதைத்தான் குறிவைக்க வேண்டும். அதற்குப் பன்னிரண்டு பேர் போதும். அறுபது பேரைச் சேர்த்தால் யார் எதை ஏற்றார்கள் என்பதே மறந்துபோகும்.

பின்வரும் வடிவில் செய்தியை அனுப்பலாம். உங்கள் வகுப்புக்கேற்ப எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

> நண்பர்களே, வணக்கம். வெப்ப இயக்கவியலின் ஐந்து அலகுகளுக்கும் நாமே சேர்ந்து குறிப்புகள் எழுதலாம் என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறேன். இதற்குப் பன்னிரண்டு பேர் தேவை. சேர்வது அவரவர் விருப்பம். சேராதவர்களும் குறிப்புகளைப் படிக்கலாம்.
>
> பாடத்தை 30 தலைப்புகளாகப் பிரித்து ஒரு கூகுள் ஷீட்டில் இட்டிருக்கிறேன். ராங்கின் சுழற்சி, மேக்ஸ்வெல் தொடர்புகள் போன்ற 6 கடினமான தலைப்புகள் இரண்டு பங்குகளாகவும் மற்றவை ஒரு பங்காகவும் கணக்கிடப்படும். மொத்தம் 36 பங்குகள்; ஆளுக்கு 3 பங்கு எழுத வேண்டும், வேறொருவர் எழுதிய 3 பங்கைச் சரிபார்க்க வேண்டும். எழுதுவதும் சரிபார்ப்பதும் சமம்.
>
> ஒரு தலைப்புக்கு அதிகபட்சம் இரண்டு A4 பக்கங்கள். எந்த நிபந்தனையில் சூத்திரம் பொருந்தும் என்பதும், ஒரு கணக்கும் கட்டாயம் இருக்க வேண்டும். கையால் எழுதி ஸ்கேன் செய்து அனுப்பினால் போதும், தட்டச்சு தேவையில்லை. விளக்கம் தமிழிலும் இருக்கலாம், கலைச்சொற்களை மட்டும் தேர்வில் எழுதும் வடிவில் தாருங்கள். கோப்பின் பெயர் `U3-04-rankine.pdf` என்பதுபோல் அலகு எண்ணும் தலைப்பு எண்ணும் கொண்டிருக்கட்டும்.
>
> எல்லோரும் Q − W = ΔU என்ற வழக்கத்தையே பின்பற்றுவோம்; அமைப்பு செய்யும் வேலைக்கு நேர்க்குறி. தேர்வில் அனுமதிக்கப்படும் ஸ்டீம் டேபிளையே பயன்படுத்துவோம்.
>
> வகுப்பில் தலைப்பு முடிந்த 3 நாட்களுக்குள் குறிப்பையும், அடுத்த 3 நாட்களுக்குள் சரிபார்ப்பையும் முடிக்க வேண்டும். சரிபார்ப்பவர் விடையைப் பார்க்காமல் கணக்கைப் போட வேண்டும். விடைகள் ஒத்துப்போகாவிட்டால் இருவரும் பேசித் தீர்த்து, காரணத்தைப் பக்கத்தின் அடியில் ஒரு வரியில் எழுத வேண்டும்.
>
> முடியாத நிலை வந்தால் ஒரு நாள் முன்பே ஷீட்டில் குறித்து, வேறொருவருடன் மாற்றிக்கொள்ளுங்கள், காரணம் கேட்கப்படாது. சொல்லாமல் இரண்டு முறை விட்டுவிட்டால் அவருடைய மீதித் தலைப்புகள் காத்திருப்போர் பட்டியலில் உள்ளவருக்குப் போகும். இரண்டு தலைப்புகளைச் சரிபார்த்துக் கொடுத்துவிட்டு மீண்டும் சேரலாம்.
>
> மதிப்பெண்ணுக்குரிய அசைன்மென்ட் விடைகளை இதில் சேர்க்க வேண்டாம். ஆசிரியரின் ஸ்லைடுகளை அவர் அனுமதியின்றி இட வேண்டாம். நான் எழுதிய முதல் தலைப்பை மாதிரியாக இணைத்திருக்கிறேன். அதன் கணக்கைச் சரிபார்க்க ஒருவர் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் ஷீட்டில் பெயர் எழுதுங்கள்.

"யாருக்கெல்லாம் விருப்பம்?" என்று மட்டும் கேட்டால் எல்லோரும் கட்டை விரலை உயர்த்திவிட்டுப் போய்விடுவார்கள். ஆகையால், வெற்றுக் கட்டங்கள் உள்ள ஷீட்டும் முடிந்த ஒரு மாதிரிப் பக்கமும் இல்லாமல் இச்செய்தியை அனுப்ப வேண்டாம். மாதிரிப் பக்கத்தைப் பார்க்கும்போதுதான் தம்மிடம் எவ்வளவு எதிர்பார்க்கப்படுகிறது என்பது ஒவ்வொருவருக்கும் புரியும். கையால் எழுதலாம் என்ற வரியும் தமிழில் விளக்கலாம் என்ற வரியும் சிறியவை என்றாலும் அவற்றை நீக்கிவிடாதீர்கள். மடிக்கணினி இல்லாதவர்களும், தமிழ்வழியில் படித்து வந்து ஆங்கில வாக்கியம் எழுதத் தயங்குபவர்களும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்களில் கணக்கை மிக நன்றாகப் போடுகிறவர்கள் இருப்பார்கள். சரிபார்ப்புக்குச் சம பங்கு தருவது அவர்களுக்கும் நியாயம் செய்வதாகும்.

ஷீட்டில் தலைப்பு, எழுதுபவர், கெடு, சரிபார்ப்பவர், இருவரின் விடைகள், திருத்தம் ஆகிய நிரல்கள் இருந்தால் போதும். யாராவது கெடுவை மாற்றி எழுதிவிட்டார்களா என்ற ஐயம் வந்தால், File பட்டியலில் உள்ள Version history என்ற வசதி யார் எப்போது எதை மாற்றினார் என்பதைக் காட்டும். அதை எல்லோருக்கும் தெரியும்படி முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னர் ஒருவரைச் சுட்டிக்காட்ட மட்டும் அதைத் திறந்தால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

முதல் இன்டர்னல் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு, அதுவரை நிரம்பிய திருத்த நிரலை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்துப் பாருங்கள். பத்துத் தலைப்புகள் முடிந்தும் அதில் ஒரு திருத்தம்கூட இல்லையென்றால், எல்லோரும் பிழையின்றி எழுதிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்; விடையைப் பார்த்துவிட்டுத்தான் சரிபார்க்கிறார்கள் என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். அப்படித் தெரிந்தால் யாரையும் குற்றம் சொல்லாமல், சரிபார்ப்பவர் தம் விடையை ஷீட்டில் பதிந்த பிறகே எழுதியவர் தம் விடையைப் பதிய வேண்டும் என்று அடுத்த அலகிலிருந்து வரிசையை மாற்றிவிடுங்கள்.