ஒரு நோயாளிக்கு ஒரு துணையாள்: விதிவிலக்கு யாரிடம் கேட்பது?

கேள்வி: அப்பா வார்டில் இருக்கிறார். பார்வையாளர் நேரத்தைக் குறைத்து, ஒரு நோயாளிக்கு ஒரு துணையாள் மட்டும் என்று புது அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். அவசரத்துக்கு விதிவிலக்கு உண்டாம். எது அவசரம், யாரிடம் கேட்பது?

பதில்: நான் வார்டில் பல வருடம் நர்ஸாக இருந்தவள். முதலில் ஒன்று. ஒரு துணையாள் என்றால் பெரும்பாலும் ஒரு சமயத்தில் ஒருவர் என்றுதான் அர்த்தம். டிஸ்சார்ஜ் வரை ஒரே ஆள் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. உள்ளே இருப்பவர் கீழே வந்து பாஸைக் கொடுத்தால் அடுத்தவர் மேலே போகலாம். ஐசியூவுக்கு மட்டும் கணக்கு வேறு. அங்கே துணையாள் வெளியேதான் காத்திருப்பார், கூப்பிட்டால் ஓரிரு நிமிடம் பார்க்கலாம்.

விதிவிலக்கை வாசலில் செக்யூரிட்டியிடம் கேட்டு வாதாடாதீர்கள். அவரால் தர முடியாது. டியூட்டி டாக்டரோ வார்டு இன்சார்ஜ் சிஸ்டரோதான் முடிவு செய்வார்கள். நிலைமை திடீரென மோசமானால், கடைசி நேரம் என்றால், அவசர ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் வெளியே இருந்தால் பொதுவாக உடனே விடுவார்கள். வெளியூரிலிருந்து வந்துவிட்டோம் என்பது மட்டும் காரணமாகாது (பாவம்தான், ஆனால் எல்லோரும் அதையே சொல்கிறார்கள்).

பலருக்குத் தெரியாத ஒன்று இரவுக் குழப்பம். எங்கள் வார்டில் இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்த ஒரு பெரியவர் இருந்தார். பகலில் தெளிவாகப் பேசுவார். இரண்டாம் நாள் இருட்டியதும் இடம் தெரியாமல் டிரிப்ஸைப் பிடுங்கினார், கட்டிலைவிட்டு இறங்கப் பார்த்தார். துணைக்கு இருந்த பேரனை அவருக்கு அடையாளமே தெரியவில்லை. மகள் வந்து பேசினால் அடங்குவார். மாலை ஷிஃப்ட் சிஸ்டர், "சரி, மகளும் இருக்கட்டும்" என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார். ஷிஃப்ட் மாறியதும் இரவு செக்யூரிட்டி மகளை வெளியே அனுப்பிவிட்டார். அவர்மேல் தப்பில்லை, அவரிடம் ஒரு தாளும் இல்லை. அப்புறம் டியூட்டி டாக்டர், "இரவில் குழப்பம், விழும் அபாயம், மகள் உடனிருக்க அனுமதி, இரண்டு இரவு" என்று கேஸ் ஷீட்டில் எழுதினார். அதைக் காட்டி வாசலுக்குச் சொன்னதும் பிரச்சினை முடிந்தது. மகள் அவருடைய கண்ணாடியையும் காது மெஷினையும் மாட்டிவிட்டு, என்ன நாள், எந்த இடம் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்றாம் இரவு பேரனே போதுமானதாக இருந்தது.

ஆகவே கேட்கும்போது, "அப்பா நேற்று ராத்திரி எத்தனை மணிக்கு என்ன செய்தார், யார் இருந்தால் அடங்குகிறார்" என்று நடந்ததைச் சொல்லுங்கள். எத்தனை நாளைக்கு என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். இன்னொரு விஷயம்: கேஸ் ஷீட்டில் இருக்கும் போன் நம்பர், கட்டிலருகே தூங்கும் ஆளுடையதாக மட்டும் இருக்கக் கூடாது. கையெழுத்துப் போடக்கூடிய இன்னொருவருடைய நம்பரையும் இன்றே சேர்க்கச் சொல்லுங்கள்.