741-க்குப் பதிலாக எதை வாங்குவது? ஆப்-ஆம்ப் கேள்வி-பதில்

கேள்வி: 741 வைத்து 100 மடங்கு பெருக்கும் சர்க்யூட் கட்டினேன். சப்ளை ±15 வோல்ட், ஃபீட்பேக்கில் 100 கிலோஓம், கிரவுண்டுக்கு 1 கிலோஓம். 20 கிலோஹெர்ட்ஸில் 50 மில்லிவோல்ட் கொடுத்தால் 5 வோல்ட் வர வேண்டும், 2.2 வோல்ட்தான் வருகிறது. கெயினை 10 ஆக்கி 1 வோல்ட் கொடுத்தால் சைன் அலை முக்கோணமாகிவிடுகிறது. இன்புட்டைக் கிரவுண்டில் வைத்தாலும் அவுட்புட்டில் 0.2 வோல்ட் நிற்கிறது. "ஸ்லூ ரேட் அதிகமான TL072 வாங்கிப் போடுங்கள், எல்லாம் சரியாகும்" என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் பழைய சாக்கெட்டில் அப்படியே செருகிவிடாதீர்கள். 741-இல் ஒரே ஒரு ஆம்ப், அதற்கு பிளஸ் சப்ளை 7-ஆவது பின்னில். TL072-இல் இரண்டு ஆம்ப், பிளஸ் சப்ளை 8-ஆவது பின்னில். அதன் 7-ஆவது பின் இரண்டாவது ஆம்பின் அவுட்புட். மாற்றிச் செருகினால் 15 வோல்ட் நேராக அந்த அவுட்புட்டில் ஏறும். சாக்கெட்டை மாற்றாமல் போட வேண்டுமானால் ஒற்றை ஆம்ப் உள்ள TL071 வாங்க வேண்டும். இருந்தாலும் உங்கள் வேலைக்கு TL072-தான் நல்லது, போர்டை மாற்றிக் கட்டினாலும் பரவாயில்லை. ஏன் என்பது கீழே வரும்.

நீங்கள் சொன்ன மூன்று குறைகளுக்கும் மூன்று வெவ்வேறு காரணங்கள். ஸ்லூ ரேட் அதில் ஒன்றுக்கு மட்டுமே மருந்து.

முதலில் 2.2 வோல்ட். அலை சிறுத்துப்போனதே தவிர சைன் வடிவம் கெடவில்லை அல்லவா? இது கெயின்-பேண்ட்விட்த் பற்றாக்குறை. கெயினையும் அந்தக் கெயினில் கிடைக்கும் அலைவரிசையையும் பெருக்கினால் வரும் அளவு அது, 741-க்குச் சுமார் 1 மெகாஹெர்ட்ஸ். கெயின் 101 என்று வைத்தால் (100-ஐ 1-ஆல் வகுத்து, 1 கூட்டினால் 101) பயன்படும் அலைவரிசை 10 கிலோஹெர்ட்ஸோடு முடிகிறது. அந்த இடத்திலேயே கெயின் 30 சதவீதம் விழுந்திருக்கும். 20 கிலோஹெர்ட்ஸில் மிஞ்சுவது 45 மடங்கு. 50 மில்லிவோல்ட்டை 45-ஆல் பெருக்கினால் 2.2 வோல்ட். உங்கள் 741 பழுதாகவில்லை, தன்னால் முடிந்ததைச் சரியாகவே செய்கிறது.

அடுத்தது முக்கோணம். கெயின் 10 என்றால் அலைவரிசை 100 கிலோஹெர்ட்ஸ் வரை போகும், அதில் குறையில்லை. இங்கே தடுப்பது ஸ்லூ ரேட், அதாவது அவுட்புட் ஒரு மைக்ரோவினாடியில் அதிகபட்சம் எத்தனை வோல்ட் நகர முடியும் என்ற அளவு. சைன் அலை பூஜ்யத்தைக் கடக்கும்போதுதான் மிக வேகமாக ஏறும். அங்கே தேவைப்படும் வேகம் இது:

```
SR = 2 × π × f × Vp
   = 2 × 3.14 × 20000 × 10 = 1.26 V/µs
```

741-ஆல் முடிந்தது 0.5 மட்டுமே. தேவையில் பாதிகூட இல்லாததால் அவுட்புட் முழு நேரமும் தன் உச்ச வேகத்தில் ஏறுவதும் இறங்குவதுமாகவே இருக்கிறது. கால் சுழற்சி 12.5 மைக்ரோவினாடி, அதற்குள் 0.5 வீதம் ஏறினால் 6.25 வோல்ட். ஆசிலோஸ்கோப்பில் அளந்து பாருங்கள், முக்கோணத்தின் உச்சி 6 வோல்ட்டை ஒட்டித்தான் இருக்கும்.

இந்த இரண்டு நோய்களையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. இன்புட்டைப் பாதியாகக் குறையுங்கள். அவுட்புட்டும் சரியாகப் பாதியாகி, வடிவம் மாறாமல் இருந்தால் அது கெயின்-பேண்ட்விட்த். அவுட்புட் பாதியாகாமல், சாய்வான கோடு அதே சாய்வில் நின்றால் அது ஸ்லூ ரேட். சிறிய சிக்னலுக்கு முதல் எல்லை, பெரிய சிக்னலுக்கு இரண்டாவது.

741-க்குள் இவை இரண்டும் ஒரே பொருளிலிருந்து பிறக்கின்றன என்பது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். ஆம்ப் தானாக ஊசலாடாமல் இருக்க உள்ளே 30 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதிர்வெண் கூடக்கூட கெயினைச் சீராகக் குறைப்பது அதுதான். அதை நிரப்பக் கிடைப்பதோ இன்புட் நிலையின் 20 மைக்ரோஆம்பியருக்குள்ளான கரண்ட் மட்டும். அவ்வளவு சிறிய கரண்டில் அந்தக் கெப்பாசிட்டர் மைக்ரோவினாடிக்கு அரை வோல்ட்டுக்குச் சற்று மேல்தான் ஏறும். வெளியே எந்த ரெசிஸ்டரை மாற்றினாலும் இந்த வேகம் மாறாது.

மூன்றாவது, 0.2 வோல்ட். உள்ளே இருக்கும் இரண்டு இன்புட் டிரான்சிஸ்டர்கள் அச்சு அசலாக ஒன்றுபோல் அமைவதில்லை. அந்த வேற்றுமை இன்புட்டில் ஒரு குட்டி பேட்டரி இருப்பதுபோல் வேலை செய்யும். இதுதான் இன்புட் ஆஃப்செட். 741-க்குப் பொதுவாக 2 மில்லிவோல்ட், சாதாரண ரகத்தில் அதிகபட்சம் 6. உங்கள் சர்க்யூட் அதையும் 101 மடங்கு பெருக்குகிறது, 0.2 வோல்ட் வருகிறது.

இனி TL072-க்கு வருவோம். ஸ்லூ ரேட் 13, உங்களுக்கு வேண்டியது 5 வோல்ட் உச்சத்துக்கு 0.63 மட்டுமே. தாராளம். (தேவைக்குச் சமமாக வாங்கக்கூடாது, எல்லையை நெருங்கும்போதே அலை கெடத் தொடங்கும். இரண்டு மூன்று மடங்காவது கூடுதலாக இருக்கட்டும்.) கெயின்-பேண்ட்விட்த் 3 மெகாஹெர்ட்ஸ். ஒரே நிலையில் 101 கெயின் என்றால் எல்லை 30 கிலோஹெர்ட்ஸ், 20 கிலோஹெர்ட்ஸில் 84 மடங்குதான் கிடைக்கும். 5 வோல்ட்டுக்குப் பதில் 4.2. ஆஃப்செட்டோ 741-ஐ விட மோசம்: TL072C-க்குப் பொதுவாக 3 மில்லிவோல்ட், அதிகபட்சம் 10. அதாவது அவுட்புட்டில் 1 வோல்ட் வரை நிற்கலாம். வெறுமனே மாற்றிப் போட்டால் ஒரு குறை தீரும், ஒன்று பாதி தீரும், ஒன்று கூடும்.

அதனால்தான் இரட்டை ஆம்ப் வேண்டும் என்றேன். ஒரே நிலையில் 100 மடங்கு கேட்காமல் பத்துப் பத்தாக இரண்டு நிலையாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் ஃபீட்பேக்கில் 9.1 கிலோஓம், கீழே 1 கிலோஓம், கெயின் 10.1. ஒவ்வொரு நிலையின் எல்லையும் 300 கிலோஹெர்ட்ஸுக்குப் போய்விடும். இரண்டும் சேர்ந்து 20 கிலோஹெர்ட்ஸில் இழப்பது அரை சதவீதத்துக்கும் குறைவு. அதே சில்லு, கூடுதல் செலவு இரண்டு ரெசிஸ்டர்.

ஆஃப்செட்டுக்கு விலை உயர்ந்த ஆம்ப் வாங்காதீர்கள். உங்களுடையது ஆடியோ அதிர்வெண் சிக்னல், டிசி உங்களுக்குத் தேவையில்லை. கீழே உள்ள 1 கிலோஓம் ஒவ்வொன்றோடும் தொடராக 22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வையுங்கள். டிசிக்கு அந்த வழி அடைபட்டுவிடும், கெயின் 1 ஆகிவிடும். 10 மில்லிவோல்ட் ஆஃப்செட் 10 மில்லிவோல்ட்டாகவே வெளியே வரும், இரண்டு நிலைக்கும் சேர்த்து மோசமான நிலையில் 20. கீழ் எல்லை 11 ஹெர்ட்ஸ் அளவில் அமையும். ஆஃப்செட் எந்தத் திசையிலும் இருக்கலாம் என்பதால் துருவமில்லாத கெப்பாசிட்டர் நல்லது.

வாங்கும்போது பின்னொட்டைப் பாருங்கள். TL072C-இல் ஆஃப்செட் அதிகபட்சம் 10 மில்லிவோல்ட், TL072AC-இல் 6, TL072BC-இல் 3. TL072H என்பது புதிய வடிவமைப்பு: 5.25 மெகாஹெர்ட்ஸ், ஸ்லூ ரேட் 20.

கேள்வி: NE5532-க்கு 10 மெகாஹெர்ட்ஸ் இருக்கிறதே, ஒரே நிலையில் முடிந்துவிடாதா?

பதில்: முடியும். கெயின் 101-க்கு எல்லை 99 கிலோஹெர்ட்ஸ், 20 கிலோஹெர்ட்ஸில் இழப்பு 2 சதவீதம். ஸ்லூ ரேட் 9, அதுவும் போதும். ஆஃப்செட்டும் பொதுவாக அரை மில்லிவோல்ட்தான்.

ஆனால் அதன் இன்புட் பயாஸ் கரண்ட் 200 நானோஆம்பியர். பிளஸ் இன்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு 47 கிலோஓம் போட்டிருந்தால் அதில் மட்டும் 9.4 மில்லிவோல்ட் விழும், ஆஃப்செட்டைப் போல இதுவும் பெருக்கப்படும். கெப்பாசிட்டர் இல்லாத சர்க்யூட்டில் அவுட்புட் கிட்டத்தட்ட 1 வோல்ட் நகர்ந்து நிற்கும். TL072-இல் பயாஸ் கரண்ட் 65 பிகோஆம்பியர், இதே 47 கிலோஓமில் 3 மைக்ரோவோல்ட்தான். சிக்னல் வரும் இடத்தின் மின்தடை சில கிலோஓமுக்குள் இருந்தால் NE5532, அதற்கு மேல் போனால் TL072 என்று முடிவு செய்யுங்கள்.

கேள்வி: OP07-க்கு ஆஃப்செட் வெறும் 60 மைக்ரோவோல்ட். எல்லாவற்றுக்கும் அதையே வாங்கி வைத்துக்கொண்டால் என்ன?

பதில்: வேண்டாம். அதன் கெயின்-பேண்ட்விட்த் 0.6 மெகாஹெர்ட்ஸ், ஸ்லூ ரேட் 0.3. இரண்டிலும் 741-க்கும் கீழே. 100 கெயினில் 6 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். தெர்மோகப்பிள், எடை அளக்கும் லோட்செல் போல மெதுவாக மாறும் டிசி சிக்னலுக்கு அருமையான ஆம்ப் அது. 741 சாக்கெட்டில் செருகலாம், ஆனால் 741-இன் ஆஃப்செட் பொட் 1, 5 பின்களில் இருக்கும், நடு முனை மைனஸ் சப்ளைக்குப் போகும். OP07-க்கு அது 1, 8 பின்களில், நடு முனை பிளஸ் சப்ளைக்கு. பழைய பொட்டைக் கழற்றிவிட்டுச் செருகுங்கள்.

கேள்வி: மேலே எண் அச்சடித்துக் கொடுப்பதை நம்ப முடியவில்லை. வாங்கியது அதுதானா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: இரண்டு சோதனைகள் போதும். முதல் சோதனைக்கு 10 கிலோஓம் இரண்டைக் கொண்டு மைனஸ் 1 கெயின் உள்ள இன்வர்ட்டிங் ஆம்ப் கட்டி, 5 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையை –5 முதல் +5 வோல்ட் வரை கொடுங்கள். அவுட்புட் சாய்ந்து ஏறும் நேரத்தை ஆசிலோஸ்கோப்பில் அளங்கள். 10 வோல்ட்டை 741 கடக்க 20 மைக்ரோவினாடி ஆகும். TL072-க்கும் NE5532-க்கும் ஒரு மைக்ரோவினாடியை ஒட்டி. ஜெனரேட்டரின் சொந்த ஏறு நேரம் இதைவிடக் குறைவாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அளப்பது ஜெனரேட்டரைத்தான். TL072 என்று வாங்கியது 20 மைக்ரோவினாடி எடுத்தால் உள்ளே இருப்பது வேறு சில்லு.

இரண்டாவது ஆஃப்செட். ஃபீட்பேக்கில் 100 கிலோஓம், கீழே 100 ஓம், பிளஸ் இன்புட்டை நேராகக் கிரவுண்டில் வையுங்கள். கெயின் 1001. சில நிமிடம் சூடாக விட்டு அவுட்புட்டை மல்டிமீட்டரில் பாருங்கள். மில்லிவோல்ட்டில் வருவது எவ்வளவோ, அதுவே மைக்ரோவோல்ட்டில் ஆஃப்செட். OP07C என்றால் 60 மில்லிவோல்ட் அளவில் இருக்க வேண்டும், 150-ஐத் தாண்டக்கூடாது. 1, 2 வோல்ட் என்று காட்டினால் அது OP07 அல்ல. தற்செயலாக நல்ல ஆஃப்செட்டோடு வந்த ஒரு 741-உம் குறைவாகக் காட்டலாம் என்பதால், ஒன்றை மட்டும் அளந்து முடிவு செய்யாமல் வாங்கியதில் நான்கைந்தையாவது அளந்து பாருங்கள்.