பி.காமா, ஷூ கம்பெனியா?

"என் மகளுக்குப் பிறந்ததிலிருந்தே இரண்டு காதும் கேட்காது. காது கேளாதோர் பள்ளியில் படித்து இந்த வருஷம் பிளஸ் டூ பாஸ் பண்ணிவிட்டாள். கையில் எப்போதும் பென்சில்தான், பார்ப்பதையெல்லாம் வரைவாள். அவளுடைய டீச்சர் பி.காம் சேர்க்கச் சொல்கிறார். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் இருக்கும் அவள் சித்தப்பா, 'படிப்பெல்லாம் எதற்கு, தையல் லைனில் சேர்த்துவிடுகிறேன்' என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"
— ஒரு தாய், குடியாத்தம்

சகோதரி, டீச்சரையும் சித்தப்பாவையும் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள். முதலில் வீட்டிலேயே ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். உங்கள் மகள் எழுத்தைப் படித்து எவ்வளவு புரிந்துகொள்கிறாள்? பிளஸ் டூ மார்க்கை வைத்து இதைச் சொல்ல முடியாது. காது கேளாத பிள்ளைகளுக்கு நம் மாநிலத்தில் ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு உண்டு. மற்ற பாடங்களிலும் கேள்வி பதிலை அப்படியே மனப்பாடம் செய்து எழுதித் தேறிவிடுகிற பிள்ளைகள் நிறைய.

ஒரு தாளில் இப்படி எழுதிக் கொடுங்கள்: "மேசை மேல் இருக்கும் அட்டையில் மூன்று வட்டம் வரை. சிவப்புப் பேனாவைத் தொடாதே. பென்சில் உடைந்தால் மட்டும் என்னைக் கூப்பிடு." சைகையில் எதுவும் சொல்லாதீர்கள். மேசையில் சிவப்புப் பேனாவும் பென்சிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். பல பிள்ளைகள் "சிவப்புப் பேனா" என்பதைப் பார்த்ததும் அதைத்தான் எடுப்பார்கள். சைகை மொழியில் "வேண்டாம்", "இல்லை" எல்லாம் தனிச் சைகையாக வாக்கியத்தின் முடிவில் வரும். தமிழிலோ அது வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு வருவதால் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. "புரிந்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள். தலையாட்டிவிடுவார்கள், இது அநேகமாக எல்லோருக்கும் உள்ள பழக்கம். என்ன செய்யப் போகிறாய் என்று காட்டச் சொல்லுங்கள். வேறு வேறு விஷயங்களை வைத்து ஒரு வாரம் இதைச் செய்தால் படம் தெளிவாகிவிடும்.

மூன்றில் இரண்டு தடவையாவது சரியாகச் செய்கிறாள் என்றால் பி.காம் பற்றி யோசிக்கலாம். ஆனால் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஏதோ ஒரு கல்லூரியில் சேர்க்காதீர்கள். சைகை தெரியாத ஆசிரியர் கரும்பலகைக்குத் திரும்பி நின்று பேசும் வகுப்பில், பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவதோடு மூன்று வருஷமும் போய்விடும். சென்னை மாநிலக் கல்லூரியில் காது கேளாதவர்களுக்கென்றே பி.காம், பி.சி.ஏ. வகுப்புகள் இருக்கின்றன. பட்டப்படிப்பு என்றால் அங்கே முயலுங்கள். அரசு வேலைதான் குறி என்றால் கூடவே டைப்ரைட்டிங்கும் முடிக்கட்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கு உள்ள 4 சதவீத இடஒதுக்கீட்டில் 1 சதவீதம் செவித்திறன் குறைந்தவர்களுக்கு. ஆனாலும் எல்லாப் பதவிக்கும் அவர்களை எடுப்பதில்லை. அந்தப் பதவி காது கேளாதவர்களுக்கு ஏற்றது என்று அறிவிப்பில் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

இனி சித்தப்பா சொல்லும் ஷூ கம்பெனி. அவர் சொல்வதில் பாதி சரி. ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் இருந்துகொண்டு தோல் தொழிலைக் கணக்கில் எடுக்காமல் ஒரு பிள்ளைக்கு வழி சொல்ல முடியாது. என் மனத்தாங்கல் "தையல் லைன்" என்பதில்தான். காது கேட்காதா, மிஷின் முன்னால் உட்கார வை என்பது நம் ஊரில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. படம் வரைகிற பிள்ளைக்கு அதே கம்பெனியில் வேறு இடம் இருக்கிறது: தோலை எந்த வடிவத்தில் வெட்டுவது என்பதற்கு அட்டையில் மாதிரி தயாரிக்கும் பேட்டர்ன் பிரிவு.

ஷூவுக்கு அச்சாக இருக்கும் லாஸ்ட்டின் மேல் மாஸ்கிங் டேப்பை வரிசையாக ஒட்டுவார்கள். நடுக்கோட்டைக் குறித்து, டிசைன் கோடுகளை அந்த டேப்பின் மேலேயே பென்சிலால் வரைவார்கள். பிறகு பிளேடால் கீறி டேப்பை உரித்து அட்டையில் படிய வைப்பார்கள். வளைந்த ஒன்றைத் தட்டையாக்கும்போது எங்கோ சுருங்கும், எங்கோ விரியும். அதைச் சரிசெய்து, தையலுக்கும் மடிப்புக்கும் அடியில் இழுத்து ஒட்டுவதற்கும் தேவையான மில்லிமீட்டர்களைக் கூட்டி, பேட்டர்ன் வெட்டுவார்கள். அப்புறம் ஒவ்வொரு சைஸுக்கும் ஏற்ப அதைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ வேண்டும். ஐரோப்பிய அளவில் 38க்கும் 39க்கும் நீளத்தில் சுமார் 6.7 மில்லிமீட்டர் வித்தியாசம். இப்போது இதையெல்லாம் கம்ப்யூட்டரில் செய்கிறார்கள் என்றாலும், கையால் செய்து பழகியவருக்குத்தான் திரையில் எங்கே தப்பு என்று தெரியும். இந்த வேலைக்குக் கண்ணும் கையும் கொஞ்சம் கணக்கும்தான் வேண்டும்.

மகளுக்கு இது வருமா என்பதையும் வீட்டிலேயே பார்க்கலாம். பழைய கட் ஷூ ஒன்றின் உள்ளே காகிதத்தை இறுக அடைத்து, மேலே டேப் ஒட்டி, கோடு வரைந்து, உரித்துத் தட்டையாக்கச் சொல்லுங்கள். எப்படி என்று ஒருமுறை செய்து காட்டினால் போதும். தட்டையாகப் படியாத இடத்தில் அழுத்தி மடிக்கிறாளா, எங்கே கீறினால் படியும் என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறாளா? இரண்டாவதைச் செய்தால் அவளைத் தையல் லைனில் உட்கார வைப்பது வீண்.

இதற்கான படிப்பு சென்னை கிண்டியில் உள்ள மத்திய காலணிப் பயிற்சி நிலையத்தில் இருக்கிறது. டிப்ளமோவும் உண்டு, குறுகிய காலப் பயிற்சியும் உண்டு. படிக்கும் சோதனையில் தடுமாறினால் டிப்ளமோவில் நேரடியாகச் சேர்க்காதீர்கள், தியரி அவளை விழுங்கிவிடும். கட்டிங் அல்லது பேட்டர்ன் சார்ந்த குறுகிய பயிற்சியில் தொடங்கி, கூடவே தினமும் தமிழ் படிக்க வையுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வாழ்க்கைத்தொழில் சேவை மையமும் கிண்டியில்தான். அங்கே கைத்திறன், கவனம், நாட்டம் எல்லாவற்றையும் சோதித்து எந்தத் தொழில் பொருந்தும் என்று சொல்வார்கள். இரண்டு இடத்துக்கும் ஒரே பயணமாகப் போய்வரலாம். சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் ஸ்டேஷனில் லோக்கல் ரயில் ஏறினால் கிண்டி. மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. அட்டை இன்னும் வாங்கவில்லை என்றால், சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அதை முதலில் முடியுங்கள்.

சித்தப்பாவுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மகளை ஒருநாள் கம்பெனிக்குக் கூட்டிப்போய் கட்டிங், தையல், பேட்டர்ன் மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். அங்கே நெருப்பு அலாரம் மணி மட்டும்தானா, மின்னும் விளக்கும் உண்டா என்று அவர் விசாரிக்கட்டும். விளக்கு இல்லையென்றால் ஆபத்து நேரத்தில் அவளைத் தொட்டு அழைக்கப் பக்கத்தில் ஒருவரைப் பொறுப்பாக்க முடியுமா என்றும் கேட்கட்டும். சூப்பர்வைசரின் முகம் தெரிகிற இடத்தில்தான் அவளுக்கு இடம் கொடுக்க வேண்டும்.

இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், மகளுக்கு எது பிடிக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. கம்பெனியைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே, மூன்றில் எது என்று வரைந்து காட்டச் சொல்லுங்கள். கிண்டிக்குப் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.