"திருப்தி வந்ததும் மீதிப் பணம்": மலையகத்திலிருந்து ஐந்து கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்கள் ஏறக்குறைய எல்லாமே ஹட்டன், பண்டாரவளை, நுவரெலியா, பதுளைப் பக்கங்களில் வீட்டிலிருந்தபடி வடிவமைப்பு, இணையத்தள உருவாக்கம், வீடியோத் தொகுப்பு முதலிய வேலைகளைச் செய்பவர்களிடமிருந்து வந்தவை. சிலர் பணம் தாமதமாவதைப் பற்றியும், சிலர் திருத்தம் முடிவதேயில்லை என்பதைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். நான் பார்த்தவரையில் இவ்விரண்டும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. பணம் தரும் நாள் நீங்கள் வேலையை ஒப்படைக்கும் நாளோடு கட்டப்படாமல், வாடிக்கையாளருக்குத் திருப்தி வரும் நாளோடு கட்டப்பட்டிருப்பதே அந்த இடம்.

ஹட்டனிலிருந்து ஒரு வாசகி: தேயிலைப் பொதியிடும் நிறுவனம் ஒன்றுக்கு ஐந்து வகைப் பைக்கற்றுகளை வடிவமைக்க ரூபா 180,000க்கு ஒப்புக்கொண்டேன். 54,000 முற்பணம் தந்தார்கள். மீதி "எல்லாம் சரியான பிறகு" என்றார்கள். ஒன்பது முறை மாற்றிக் கொடுத்துவிட்டேன். இப்போது முதலாளியின் தம்பி, கடும் சிவப்பு வேண்டாம், பச்சையாக்குங்கள் என்கிறார். என் கணினியில் கோப்பின் பெயர் `pack_final_v9.pdf` வரை வந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் அந்த ஒன்பது மாற்றங்களையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் கேட்டார், எந்தத் திகதியில், வட்ஸ்அப்பிலா நேரிலா என்று குறியுங்கள். நீங்கள் அனுப்பிய விபரங்களை வைத்துப் பார்த்தால், முதல் நான்கு மாற்றங்கள் வடிவம் உருவாகும் காலத்தில் எவருக்கும் நேர்வன. நான்காவதைப் பார்த்துவிட்டு முதலாளியே "இதுதான் சரி, இப்படியே செய்யுங்கள்" என்று வட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார். உங்கள் கையிலுள்ள மிகப் பலமான ஆதாரம் அதுவே. ஐந்தாவது, பைக்கற்றில் ஊரின் பெயரை நீங்கள் தவறாக எழுதியது. அது உங்கள் பிழை. அதைத் திருத்துவதற்குக் கட்டணம் கேட்க முடியாது. ஆறு, ஏழு, எட்டு ஆகியவை ஒப்புக்கொள்ளப்பட்ட வடிவத்தில் பிறகு செய்யச் சொன்ன நிற, எழுத்துரு மாற்றங்கள். ஒன்பதாவது இஞ்சித் தேயிலைக்கான ஆறாவது பைக்கற்று. ஐந்து வகைக்குத்தான் விலை பேசியிருப்பதால் அதைத் திருத்தம் என்றே சொல்ல முடியாது. அது புதிய வேலை.

ஆறு முதல் எட்டு வரையான மாற்றங்களுக்குப் பதினொரு மணிநேரம் ஆனதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணக்கில் மணிக்கு 2,500 வீதம் அது 27,500 ரூபா. முன்கூட்டியே சொல்லாத கட்டணத்தை இப்போது வற்புறுத்திக் கேட்பதற்கு உங்கள் பக்கம் பலம் குறைவு என்பதே என் கருத்து. ஆனால் அந்தத் தொகையை விட்டுக்கொடுப்பதாக எழுத்தில் குறிப்பிட்டு, அதற்கு ஈடாக வேலையை முடித்துக்கொள்ளும்படி கேட்கலாம். முதலாளிக்கே மின்னஞ்சல் எழுதுங்கள். தம்பியோடு வாதாட வேண்டாம். "இன்ன திகதியில் நீங்கள் ஒப்புக்கொண்ட வடிவமும், கடைசியாகக் கேட்ட நிற வடிவமும் ஆகிய இரண்டில் ஒன்றை ஏழு நாட்களுக்குள் தெரிவுசெய்யுங்கள். மேலதிக உழைப்புக்கான 27,500 ரூபாவை இம்முறை நான் கோரவில்லை. 108,000 ரூபா கிடைத்ததும் ஐந்து வகைகளின் முழுப் பார்வைப் பிரதியையும், மீதி 18,000 கிடைத்ததும் அச்சகத்துக்குரிய மூலக் கோப்புகளையும் தருகிறேன். ஆறாவது பைக்கற்றுக்குத் தனி விலைமதிப்பீடு இணைத்திருக்கிறேன்" என்று அமைதியாக எழுதினால், அவருக்கும் மரியாதையோடு முடித்துக்கொள்ள ஒரு வழி கிடைக்கும். அச்சுக்கோப்பு இன்னும் உங்கள் கையில் இருப்பது பெரிய நன்மை. அதை இப்போது அனுப்பிவிடாதீர்கள்.

அடுத்த வேலையில் இதே 180,000 ரூபாவை நான்காகப் பிரியுங்கள். தொடங்கும் முன் 54,000; இரண்டு மாதிரி வடிவங்களைக் காட்டிய நாளில் 54,000; தெரிவான வடிவத்தை ஐந்து வகைக்கும் விரித்து அனுப்பிய நாளில் 54,000; மூலக் கோப்பு கைமாறும் முன் 18,000. இப்போது உங்களுக்கு 126,000 ரூபா தொங்கிக்கொண்டிருக்கிறது. இந்த முறையில், ஒரு கட்டத்துக்குரிய பணம் வராமல் அடுத்த கட்டத்தைத் தொடங்குவதில்லை என்று நீங்கள் உறுதியாக இருந்தால், எந்த நேரத்திலும் 54,000க்கு மேல் தொங்காது. கடைசியில் எஞ்சுவது 18,000 மட்டுமே.

பலரும் தவறுவது பிரிப்பதில் அல்ல, கட்டத்துக்குப் பெயர் வைப்பதில். "வடிவம் அங்கீகரிக்கப்பட்டதும்" என்று எழுதினால் பழைய குழியிலேயே மறுபடி விழுவீர்கள், ஏனெனில் அங்கீகரிப்பது அவர் கையில் இருக்கிறது. "மாதிரி வடிவங்கள் மின்னஞ்சலில் அனுப்பப்பட்ட நாளில் இத்தொகை செலுத்த வேண்டியதாகிறது, அனுப்பிய நாளிலிருந்து 7 நாட்களுக்குள் எழுத்தில் திருத்தம் கேட்கப்படாவிட்டால் அக்கட்டம் ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும்" என்று எழுதுங்கள். அனுப்புவது உங்கள் கையில் இருக்கும் காரியம்.

பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகர்: எல்ல பக்கம் உள்ள விருந்தினர் விடுதிகளுக்கு இணையத்தளம் செய்கிறேன். "இரண்டு திருத்தம் இலவசம்" என்று விலைமதிப்பீட்டில் எழுதுகிறேன். ஆனாலும் ஒரே திருத்தம் என்று சொல்லி மூன்று வாரம் இழுக்கிறார்கள்.

"திருத்தம்" என்ற சொல்லை நீங்கள் வரையறுக்கவில்லை. காலையில் உரிமையாளர் ஒன்று சொல்வார், மாலையில் மனேஜர் வேறொன்று சொல்வார், ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டிலிருக்கும் மகள் தொலைபேசியில் மூன்றாவது கருத்தைத் தருவார். எல்லாம் சேர்ந்து "ஒரு திருத்தம்" ஆகிவிடும். எண்ணிக்கைக்குப் பதிலாகச் சுற்று என்று எழுதுங்கள். ஒரு சுற்று என்பது, உடன்படிக்கையில் பெயர் குறிக்கப்பட்ட ஒரே ஒருவர், மாதிரி கிடைத்த 5 நாட்களுக்குள், எல்லா மாற்றங்களையும் ஒரே பட்டியலாக எழுத்தில் அனுப்புவது. பட்டியலை அனுப்பிய பிறகு நினைவுக்கு வருவது அடுத்த சுற்றுக்குரியது. தொலைபேசியில் சொன்னதை நீங்களே எழுதி, "இன்று நீங்கள் சொன்னவை இவை, சரிதானே?" என்று அனுப்பிப் பதில் வந்த பிறகே கை வையுங்கள். இரண்டு சுற்றுக்கு மேற்பட்டதற்கு மணிக்கட்டணத்தையும் அதே வரியில் குறித்துவிடுங்கள். உங்கள் பக்கத்துப் பிழைகள், உதாரணமாக முன்பதிவுப் படிவம் வேலை செய்யாமலிருப்பது, எந்தச் சுற்றிலும் சேராது. அதை எப்போது சொன்னாலும் திருத்திக் கொடுப்பது உங்கள் கடமை.

உங்கள் தொழிலில் இன்னொரு தாமதமும் உண்டு. அறைகளின் படங்களையும் விலை விபரத்தையும் விடுதிக்காரர் தராமலே மாதம் ஓடிவிடும். கேட்ட பொருட்கள் 14 நாட்களுக்குள் வராவிட்டால் மாதிரிப் படங்களை இட்டு அக்கட்டம் ஒப்படைக்கப்படும், அதற்குரிய தொகை செலுத்த வேண்டியதாகும் என்ற ஒரு வரியையும் சேருங்கள்.

நுவரெலியாவிலிருந்து ஒரு வாசகர்: தாமதத்துக்கு வட்டி போடலாமா?

உடன்படிக்கையில் முன்பே எழுதியிருந்தால் கேட்கலாம். ஆனால் வட்டியால் பணம் வந்ததை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். அதைவிட, தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து 10 நாட்கள் கடந்தால் வேலை நிறுத்தப்படும், ஒப்படைக்கும் திகதியும் அத்தனை நாட்களுக்குத் தள்ளிப்போகும் என்ற வரி நன்றாக வேலை செய்கிறது. ஏப்ரல் வசந்த காலத்துக்கு முன் தன் விளம்பர வீடியோ வெளிவர வேண்டும் என்று துடிக்கும் ஹோட்டல்காரர், வட்டியைக் கணக்கிட மாட்டார். திகதி தள்ளிப்போவதை உடனே கணக்கிடுவார். எழுதிவிட்டு நிறுத்தாமல் விடுவதுதான் கெடுதல். ஆரம்ப காலத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் நான் இரண்டு முறை அப்படி விட்டுக்கொடுத்தேன். மூன்றாம் முறை நிறுத்தியபோது அவர் அதை என் கோபமென்று எடுத்துக்கொண்டார், விதியென்று எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கடைசித் தவணை எனக்கு வரவேயில்லை.

தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகி: அப்பாவின் நண்பர், மாமா என்றே கூப்பிடுவேன். தன் கடைக்கு இலச்சினை கேட்கிறார். உடன்படிக்கை என்று சொன்னால் மனம் புண்படும். எழுத்தில்லாமல் செய்தால் என்ன நட்டம்?

நட்டம் இரண்டு. முதலாவது, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதற்கிணங்கப் படைக்கப்பட்ட ஆக்கத்தின் பொருளாதார உரிமை, உடன்படிக்கையில் வேறு விதமாகச் சொல்லப்படாவிட்டால், கேட்டுக்கொண்டவருக்கே உரியதாகிறது. பணம் தராதவரை வடிவம் என்னுடையதுதானே என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். எழுதிவைக்காவிட்டால் அந்த எண்ணம் சட்டத்தில் நிற்காது. "முழுத் தொகையும் கிடைக்கும் நாள்வரை உரிமை வடிவமைப்பாளருக்கே உரியது" என்ற ஒரே வரி நிலைமையை மாற்றிவிடும். இரண்டாவது நட்டத்தை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

மாமாவிடம் உடன்படிக்கை என்ற சொல்லையே எடுக்க வேண்டாம். "மாமா, நான் மறந்துவிடக் கூடாது என்பதற்காகப் பேசியதை எழுதியிருக்கிறேன், பார்த்துச் சரி என்று ஒரு வரி போடுங்கள்" என்று வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். என்ன வேலை, எத்தனை மாதிரி, எத்தனை சுற்று, எவ்வளவு பணம் எந்த நாளில், உரிமை எப்போது கைமாறும் ஆகிய ஐந்தும் அதில் இருந்தால் போதும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின் கீழ், மின்னணு வடிவில் இருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிடுவதில்லை. அவருடைய "சரி மகள்" என்ற பதிலை அழித்துவிடாதீர்கள். தொலைபேசி மாற்றினாலும் கிடைக்கும்படி பிரதியெடுத்து வையுங்கள்.

பதுளையிலிருந்து ஒரு வாசகர்: வாய்ப்பேச்சில் செய்த வேலை. 85,000 ரூபா பாக்கி, பத்து மாதம் ஆகிறது. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று பொறுத்திருக்கிறேன்.

பொறுத்திருக்க வேண்டாம். இலங்கையின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் எழுத்திலுள்ள உடன்படிக்கைக்கு ஆறு ஆண்டுகளைத் தருகிறது. ஆனால் செய்த வேலைக்கும் உழைப்புக்குமான கோரிக்கைக்கு, கடன் செலுத்த வேண்டியதான நாளிலிருந்து ஒரே ஓர் ஆண்டைத்தான் தருகிறது. எழுத்தில்லாத உங்கள் வேலை அந்த ஓராண்டுக்குள் அடங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. மேலே நான் சொன்ன இரண்டாவது நட்டம் இதுதான்.

இந்த வாரமே, வேலையின் விபரம், ஒப்படைத்த திகதி, பாக்கித் தொகை ஆகியவற்றைக் குறித்து அவருக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். "ஆம், தர வேண்டும், கொஞ்சம் பொறுங்கள்" என்று அவர் எழுத்தில் கையொப்பத்தோடு ஒப்புக்கொண்டால் அது உங்களுக்குப் பெரிய உதவி. பகுதிப் பணம் தர முன்வந்தால் மறுக்காமல் வாங்கி, "பாக்கி இன்னும் இவ்வளவு" என்று பற்றுச்சீட்டில் குறித்து இருவரும் கையொப்பமிடுங்கள். பதில் வராவிட்டால் உங்கள் பிரதேசத்து மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பியுங்கள். இவ்வளவு சிறிய தொகைப் பிணக்கு நீதிமன்றத்துக்குப் போகுமுன் அங்கே போயாக வேண்டும், இணக்கம் ஏற்படாவிட்டால் அவர்கள் தரும் சான்றிதழோடுதான் வழக்குத் தொடரலாம். அந்த நடைமுறைக்கும் நாட்கள் ஆகும் என்பதால், எஞ்சியிருக்கும் இரண்டு மாதத்தில் எதை எப்போது செய்வது என்பதை, வட்ஸ்அப் செய்திகளையும் வங்கிப் பதிவுகளையும் அச்சிட்டு எடுத்துச் சென்று பதுளையிலேயே ஒரு சட்டத்தரணியிடம் காட்டித் தீர்மானியுங்கள்.