கர்னல் ஏன் ஓடவில்லை?

“காய்களின் தரத்தை மறைத்து ஆடும் ஸ்ட்ராடிகோ பலகை ஆட்டத்தில் சார்ஜென்டை வைத்து மைத்துனரின் கர்னலை மிரட்டினால், அவர் ஓடாமல் அடித்துவிடுகிறார். என் முகமே காட்டிக்கொடுக்கிறதா?” (பிரிக்பீல்ட்ஸ்)

முகம் இல்லை ஐயா, பலகைதான் காட்டிக்கொடுக்கிறது. கர்னலைத் தேடிவந்து வீழ்த்தக்கூடியவை மார்ஷலும் ஜெனரலும் மட்டுமே. இன்னொரு கர்னல் மோதினால் இரண்டும் போய்விடும். மோதலில் இரு காய்களின் தரமும் வெளிப்பட்டுவிடுவதால், உங்கள் மார்ஷலும் ஜெனரலும் எங்கே என்று அவருக்குத் தெரிந்துவிட்டால் மிரட்டல் எடுபடாது. நகர்ந்த காய் வெடிகுண்டாகவும் இருக்க முடியாது. பிறகு அவர் ஏன் ஓட வேண்டும்?

இங்கே பினாங்கில் என் மாமாவிடம் நானும் இப்படித்தான் அகப்பட்டேன். அவருடைய கேப்டனைக் கண்டு பின்வாங்கிய லெப்டினன்டையே பிறகு கர்னல்மீது ஏவினேன். “கேப்டனுக்குப் பயந்தவனா கர்னலைத் துரத்துவான்?” என்று சிரித்துக்கொண்டே அடித்தார். தேநீர்க்காசும் என் தலையில்தான்.

அடுத்த ஆட்டத்தில் முதல் துரத்தலை உண்மையான ஜெனரலை வைத்தே செய்தேன். மாமா வழக்கம்போல் அடித்தார், ஒரு கர்னலை இழந்தார். என் மார்ஷல் இன்னும் மறைவில் இருந்தது. அதன்பின், அதுவரை அசையாத லெப்டினன்ட் ஒன்றை இரண்டாவது கர்னலை நோக்கி நேராக நடத்தினேன். கர்னல் விலகியது, திறந்த வழியில் வெடிகுண்டு அகற்றும் என் காய் உள்ளே நுழைந்தது.

ஒன்றில் கவனம் வேண்டும். கர்னலுக்குப் பக்கத்துக் கட்டத்தில் நின்று, உங்கள் முறை வந்தும் அடிக்காவிட்டால் குட்டு உடைந்துவிடும். ஒரு கட்டம் விட்டே நிறுத்துங்கள்.