ஆண்டுப் பணத்துக்கு எத்தனை வட்டி கொடுக்கிறீர்கள்?

*கேள்வி: கோவையில் சிறு தொழிற்கூடங்களுக்கும் மொத்தக் கடைகளுக்கும் பில்லிங், ஸ்டாக் மென்பொருள் கொடுக்கிறோம். மாதம் ₹2,500, ஜிஎஸ்டி தனி. 160 வாடிக்கையாளர்கள், அதில் 40 பேர் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகாதவர்கள். மாதத்துக்கு நான்கு பேர் விலகுகிறார்கள், மூன்று பேர் அந்தப் புதியவர்களில்தான். ஓ.டி. கணக்கில் 12 சதவீத வட்டி கட்டுகிறோம். ஒரு வருடப் பணத்தை முன்பணமாக வாங்கினால் எவ்வளவு தள்ளுபடி தரலாம்? போட்டியாளர் இரண்டு மாதம் இலவசம் என்கிறார். ஒரு பெரிய வாடிக்கையாளர் 30 சதவீதம் கேட்கிறார்.*

ஒரு மாதம் கொடுங்கள். அதையும் விலையில் கழிக்காமல், "12 மாதப் பணம் கட்டினால் 13 மாதம்" என்று கொடுங்கள். இரண்டு மாதம் உங்கள் கணக்குக்குத் தாங்காது, 30 சதவீதத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இதைத் தள்ளுபடி என்று பார்ப்பதால்தான் குழப்பம். வாடிக்கையாளர் அடுத்த 12 மாதங்களில் தரவேண்டிய பணத்தை இன்றே தருகிறார். அதாவது உங்களுக்குக் கடன் கொடுக்கிறார், நீங்கள் அதை மாதாமாதம் சேவையாகத் திருப்பிக் கட்டுகிறீர்கள். நீங்கள் விட்டுக்கொடுக்கும் தொகைதான் அந்தக் கடனுக்கு வட்டி. ஆகவே கடைவீதியில் கேட்பதுபோலவே கேட்கலாம்: நூற்றுக்கு எத்தனை வட்டி?

பத்து மாதப் பணம் வாங்கிக்கொண்டு பன்னிரண்டு மாதம் கொடுப்பது 16.7 சதவீதத் தள்ளுபடி. கேட்க ஆண்டுக்கு 16.7 சதவீத வட்டி மாதிரி தோன்றும். அப்படியல்ல. முதல் மாதப் பணம் எப்படியும் இன்றைக்கே வரவேண்டியது. இரண்டாம் மாதப் பணம் ஒரு மாதம்தான் முன்னால் வருகிறது, கடைசி மாதத்தது மட்டுமே பதினொரு மாதம் முன்னால். சராசரியாகப் பார்த்தால் ஐந்தரை மாதம் முன்கூட்டி வரும் பணத்துக்கு 16.7 சதவீதம் தருகிறீர்கள். எக்ஸெலிலோ கூகிள் ஷீட்டிலோ இதைப் போட்டுப் பாருங்கள்:

```
=RATE(12,-1,10,0,1)
```

விடை 3.5 சதவீதம், அதுவும் மாதத்துக்கு. மூன்றரை வட்டி! இந்த வட்டிக்கு வெளியில் யாராவது கடன் கொடுக்க வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவீர்கள். இங்கே "இலவசம்" என்ற பெயரில் நாமே வலியப் போய்க் கொடுக்கிறோம். அந்த 10 இருக்கும் இடத்தில் 11 போட்டால், அதாவது ஒரு மாதம் மட்டும் இலவசம் என்றால், ஒன்றரை வட்டிக்குச் சற்று மேல் வரும். மனக்கணக்குக்கு ஒரு சுருக்கு வழி உண்டு: மாதச் சந்தாவை ஆண்டு முன்பணமாக மாற்றும்போது ஒவ்வொரு 5 சதவீதத் தள்ளுபடியும் ஏறக்குறைய ஒரு வட்டி. 10 சதவீதம் இரண்டு வட்டி, 15 சதவீதம் மூன்று வட்டி. உங்கள் ஓ.டி. ஆண்டுக்கு 12 சதவீதம், ஆக ஒரு வட்டி. பணத்தின் விலையை மட்டும் பார்த்தால் 5 சதவீதத்துக்கு மேல் கொடுக்க உங்களுக்குக் காரணமே இல்லை.

மேலே போகலாம் என்பதற்கு ஒரே நியாயமான காரணம், மாதாமாதம் கட்டுகிறவர் நடுவில் நின்றுவிடலாம் என்பது. அவர் பன்னிரண்டு மாதமும் கட்டுவார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அவரிடமிருந்து சராசரியாக எத்தனை மாதப் பணம் வரும் என்று கண்டுபிடித்துவிட்டால், முன்பணமாக எவ்வளவு வந்தால் நட்டமில்லை என்பதும் தெரிந்துவிடும்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 160 பேரில் மாதம் நான்கு பேர், ஆக 2.5 சதவீதம் என்று ஒரே சராசரியை எடுத்துக் கணக்குப் போடுவார்கள். உங்களிடம் இருப்பது இரண்டு வேறு கூட்டங்கள். புதிய 40 பேரில் மாதம் மூன்று பேர் போகிறார்கள், அது 7.5 சதவீதம். பழைய 120 பேரில் ஒருவர், அது ஒரு சதவீதம்கூட முழுதாக இல்லை, துல்லியமாக 0.83.

பழையவரை முதலில் பார்ப்போம். இந்த வேகத்தில் நூறு பழைய வாடிக்கையாளர்களில் ஆண்டு முடிவில் பத்துப் பேர் அளவில் குறைந்திருப்பார்கள். தலைக்குச் சராசரியாக பதினொன்றரை மாதப் பணம் வந்துவிடும். அது மாதாமாதம் வருவதால், ஒரு வட்டி கழித்தால் இன்றைய மதிப்பில் 10.9 மாதத்துக்குச் சமம். எனவே அவரிடம் 11 மாதப் பணத்தை இன்றே வாங்கினால் தலைக்கு ₹300 அளவில் உங்களுக்கு லாபம். 10 மாதப் பணம் வாங்கினால் தலைக்கு ₹2,200 அளவில் நட்டம். அறுபது பேர் அந்தச் சலுகையை எடுத்தால் ₹1.3 லட்சம் போயிற்று. போட்டியாளரின் புதியவர்கள் உங்களுடையவர்களைவிட வேகமாக விலகுகிறார்களோ என்னவோ. அவர் கணக்கு அவருக்கு.

புதியவர் கணக்கு நேர்மாறு. முதல் நான்கு மாதத்தில் அத்தனை பேர் விலகுவதால், அவரிடமிருந்து ஆண்டுக்கு வரும் பணத்தின் இன்றைய மதிப்பு ஒன்பது மாதத்துக்கும் குறைவு. காகிதத்தில் பார்த்தால் அவருக்கு இரண்டு மாதம் இலவசம் கொடுத்தாலும் உங்களுக்கு லாபம்தான்.

ஆனால் எந்தப் புதியவர் வந்த அன்றே ₹30,000 கட்டுவார்? கட்டுகிறவர் பெரும்பாலும் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டு வந்தவர், எப்படியும் விலக மாட்டார். சந்தேகத்தோடு வருகிறவர் மாதாமாதமே கட்டுவார். சலுகையை யார் எடுக்கிறார்கள் என்பதை நீங்கள் தீர்மானிப்பதில்லை, அவர்கள் தீர்மானிக்கிறார்கள்; அதிலும் போகாதவர்கள்தான் முந்திக்கொள்வார்கள். அதனால் கணக்கைப் பழையவரின் எண்ணை வைத்துப் போடுங்கள், புதியவரின் எண்ணை வைத்தல்ல.

புதியவரிடம் ஆண்டுப் பணம் வேண்டும் என்றால் விலையைத் தொடாமல் வேறொன்றைக் கொடுங்கள். இந்த மாதிரி மென்பொருளில் முதல் நான்கு மாதத்தில் விலகுகிறவர்கள் ஏன் விலகுகிறார்கள் என்று போன் போட்டுக் கேட்டால், நான் பார்த்தவரையில் விலை என்று சொல்கிறவர் குறைவு. தொடக்க ஸ்டாக்கை ஏற்றவே இல்லை, பழைய கணக்கிலிருந்து பார்ட்டி பாக்கியைக் கொண்டுவர ஆள் இல்லை, பில் போடும் பையன் வேலையை விட்டுவிட்டான் என்பார்கள். ஆண்டுப் பணம் கட்டுகிறவருக்கு உங்கள் ஆள் நேரில் போய் இரண்டு நாள் உட்கார்ந்து ஸ்டாக் ஏற்றி, பாக்கிகளைச் சேர்த்துக் கொடுக்கட்டும். உங்களுக்கு ஆகும் செலவு ஒரு மாதச் சந்தாவை ஒட்டித்தான் இருக்கும், ஆனால் அவர் விலகுவதற்கான காரணமே அதோடு போய்விடும்.

ஏன் 12-க்கு 11 வேண்டாம், 12 கட்டினால் 13 என்கிறேன்? காதுக்கு இரண்டும் ஒன்றுதான். முதலாவது 8.3 சதவீதம், இரண்டாவது 7.7. பழையவர் கணக்கில் தலைக்கு ₹300 லாபம் என்பது ₹800 ஆகிறது. கையில் முழு ₹30,000 வருகிறது. அதைவிட முக்கியம், பில்லில் விலை இறங்கவே இல்லை. ஒருமுறை ₹27,500 என்று பில் போட்டால் அடுத்த ஆண்டு அதுதான் உங்கள் விலை, அதிலிருந்து பேரம் தொடங்கும். போட்டியாளரை எதிர்கொண்டே தீரவேண்டிய ஒரு இடத்தில் 12-க்கு 14 கொடுத்தாலும் நட்டம் ₹1,150 அளவில் நிற்கும். 10 மாத விலைக்கு இறங்குவதில் பாதிதான்.

அந்தப் பெரிய வாடிக்கையாளர் கேட்கும் 30 சதவீதம் ஏழு வட்டிக்கு மேல். அவர் உண்மையில் கேட்பது முன்பணச் சலுகை அல்ல, அதிகம் வாங்குகிறேன் குறைத்துக் கொடு என்பது. இரண்டையும் பிரித்துவிடுங்கள். எத்தனை கிளை, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு ஒரு விலைப்பட்டியல் இருக்கட்டும். முன்பணத்துக்கு அவருக்கும் அதே ஒரு மாதம்தான். இரண்டையும் ஒரே சதவீதமாகக் கலந்தால், அடுத்த ஆண்டு மாதாமாதம் கட்டுகிறேன் என்று வந்து நின்றாலும் அந்த 30-ஐ விடமாட்டார்.

நடுவில் நிறுத்துகிறவருக்கு என்ன என்பதைப் பணம் வாங்கும் முன்பே எழுத்தில் கொடுங்கள். பயன்படுத்திய மாதங்களுக்கு மாத விலை கழித்து மீதியைத் திருப்பித் தருவது இரு தரப்புக்கும் நியாயமாகப் படும். ஐந்து மாதத்தில் நிறுத்தினால் ₹12,500 கழித்து ₹17,500 திரும்பும், இலவச மாதம் கிடையாது. பணமே திரும்பாது என்று போட்டால் உங்களுக்குப் பாதுகாப்பு அதிகம், ஆனால் கட்ட வருகிறவர் குறைவார். ஒன்றை மறக்க வேண்டாம்: திருப்பித் தரும் வசதி வைத்தால் மேலே சொன்ன லாபத்தில் ஒரு பகுதி குறையும். அதனாலும்தான் இரண்டு மாதம் வேண்டாம் என்கிறேன்.

ஜிஎஸ்டி. சேவைக்கு முன்பணம் வாங்கினால் வாங்கிய உடனே வரி விழும். ஆண்டு முழுவதற்கும் உரிய 18 சதவீதம், ₹5,400, அடுத்த ரிட்டர்னிலேயே போகவேண்டும். கணக்கில் ₹35,400 விழுந்ததைப் பார்த்துச் செலவு செய்துவிடாதீர்கள். பணத்தைத் திருப்பும்போது கிரெடிட் நோட் போட்டால்தான் அந்த வரி உங்களுக்குக் குறையும். அதற்குக் கெடு, பில் போட்ட நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30. ஏப்ரலில் போட்ட பில்லுக்கு இது தொல்லையே இல்லை. மார்ச்சில் போட்ட பில்லுக்கு டிசம்பரில் பணம் திருப்பினால் வரி உங்கள் கையை விட்டுப் போனதுதான். மார்ச் கடைசியில் ஆண்டுப் பணம் கட்ட வருகிறவர்கள் நிறைய இருப்பார்கள் என்பதால் சொல்கிறேன்; முடிந்தால் ஏப்ரல் 1-க்குத் தள்ளுங்கள்.

இன்னொன்று, புதுப்பிக்கும் நாள். மாதம் ₹2,950 கார்டிலிருந்தோ யுபிஐ ஆட்டோபேயிலிருந்தோ தானாகப் போய்க்கொண்டிருக்கும், யாரும் கவனிப்பதில்லை. ரிசர்வ் வங்கி விதிப்படி ₹15,000-க்கு மேற்பட்ட தொகை இப்படித் தானாகப் போகாது, ஓ.டி.பி. கேட்கும். ஆக ஆண்டுக்கு ஒருமுறை முதலாளியே போனைக் கையில் எடுத்து, ₹35,400 என்று பார்த்து, வேண்டுமா என்று யோசிப்பார். மாதக் கட்டணத்தில் அவருக்கு அந்த யோசனையே வந்திராது. பதினொன்றாம் மாதத்திலேயே உங்கள் ஆள் நேரில் போய்வரட்டும். போகும்போது அந்த ஆண்டு எத்தனை பில் போட்டார்கள், எத்தனை ஸ்டாக் வித்தியாசம் பிடிபட்டது என்று அவர்கள் கணக்கிலிருந்தே ஒரு தாளில் எடுத்துக்கொண்டு போகட்டும்.

ஆறு மாதம் கழித்து ஒரு பட்டியல் எடுங்கள்: சலுகையை எடுத்தவர்கள் உங்களிடம் எத்தனை நாளாக இருக்கிறார்கள்? பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டு பழையவர்களாக இருந்தால், போகாதவர்களுக்கே வட்டி கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்போது பழையவர்களுக்கு அந்த 13-ஆவது மாதத்தை நிறுத்திவிட்டு, "இன்று கட்டினால் அடுத்த ஆண்டும் இதே ₹2,500" என்ற வாக்கை மட்டும் கொடுத்துப் பாருங்கள்.